ஆவணி ஒண்ணாம் தேதி

நேற்று காலை பதினோரு மணிக்கு ஒரு ரெக்ரூட்டர் போன் செய்தார். பேரைக் கேட்டார், எத்தனை வருஷ அனுபவம் என்றார், அடுத்ததே அந்தக் கேள்விதான்.

“நோட்டீஸ் பீரியட் எவ்வளவு சார்?”

“90 நாள்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு விசைத்தறிதான் கொஞ்ச நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தது.

“ஃபேக்டரியில இருக்கீங்களா சார்?”

“இல்லை, சங்கரன்கோவில்ல இருக்கேன்.”

“ஓகே சார். எர்லியஸ்ட் எந்தத் தேதியில ஜாயின் பண்ணுவீங்க?”

இன்டர்வியூ நடக்கவில்லை. சம்பளப் பேச்சு எடுக்கவில்லை. 90 நாள் என்பது நான் ராஜினாமா மெயில் அனுப்பும் நாளிலிருந்து ஓடும் கணக்கு; ஆஃபர் லெட்டர் கையில் வராமல் அந்த மெயிலை எவன் அனுப்புவான்? “ஆஃபர் வந்த நாளோட 90 நாளைக் கூட்டிக்கங்க” என்றேன். “ஃபார்ம்ல தேதி மட்டும்தான் சார் போட முடியும்” என்றார். ரயில்வேக்காரர்களே 60 நாளுக்கு முன்னால் பொதிகைக்கு டிக்கெட் தருவதில்லை.

சரி என்று ஒரு கணக்குப் போட்டேன். மே 2-இல் ஆஃபர் வந்து, அன்றே ராஜினாமா செய்தால், 90 நாள் கழித்து ஜூலை 31. வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டாள்.

“ஏல, அது ஆடில்லா!”

எந்தக் கம்பெனி, என்ன வேலை, ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஆடியில் கோமதி அம்மனே தபசில் நிற்கிறாள், நீ போய் வேலைக்குச் சேருவியா என்றாள். ஆவணி ஒண்ணாம் தேதி கிழமை பார்த்தாள். ராகுகாலம் கழித்து நேரம் குறித்தாள். எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னாள். அத்தை, மெட்ராஸில் வீடு பார்க்கத் தன் மருமகனுக்குப் போன் போட்டாள். மருமகன் அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். இவ்வளவும் அந்த ரெக்ரூட்டர் லைனில் இருக்கும்போதே.

“ஆகஸ்ட் 17 போட்டுக்கங்க” என்றேன்.

“ரொம்ப லேட் சார். பை-அவுட் பண்ணுவீங்களா?”

அதாவது மிச்ச நாளுக்கான சம்பளத்தை என் இப்போதைய கம்பெனிக்குக் கட்டிவிட்டு முன்னாடியே கிளம்ப வேண்டும். அதையும் அவர்கள் ஒத்துக்கொண்டால்தான். யார் கட்டுவது என்று கேட்டேன். அது ஆஃபர் ஸ்டேஜில் பேசவேண்டியது என்றார். அதை மட்டும் அப்புறம் பேசலாமாம்!

எரிச்சலில் கேட்டேன்: “உங்க கம்பெனியில நோட்டீஸ் எத்தனை நாள்?”

கொஞ்சம் யோசித்தார். “90 நாள் சார்.”

சாயங்காலம் மெயில் வந்தது. இமீடியட் ஜாய்னர் மட்டும்தான் வேண்டுமாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அத்தையின் மருமகன் மூன்றாவது வீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இதில் தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறதாம்.