ஜூலையைக் கண்டுகொள்ளாத சார்ட்

கேள்வி: எக்செல்லில் மாத விற்பனைக்கு சார்ட் போட்டேன். புது மாதத்தைச் சேர்த்தால் அது கண்டுகொள்வதே இல்லையே, ஏன்?

பதில்: நீங்கள் A1:B7 வரை எல்லை கிழித்துக் கொடுத்தீர்கள், ஜூனோடு அதன் உலகம் முடிந்தது. எட்டாவது வரிசையில் வந்து நிற்கும் ஜூலை அதற்கு அந்நியன்தான்.

தரவுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்று Ctrl+T அழுத்துங்கள். தலைப்பு உண்டா என்று கேட்கும். டிக் செய்து ஓகே கொடுங்கள். இனி அது டேபிள். ஜூனுக்கு நேர் கீழே ஜூலையைத் தட்டினால் டேபிள் நீளும், சார்ட்டும் கூடவே நீளும். சந்தேகமென்றால், டேபிளின் வலது கீழ் முனையில் இருக்கும் சின்ன மூலைக்குறி ஒரு வரிசை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு வரிசை காலி விட்டால் இறங்காது.

கீழே ‘மொத்தம்’ என்று நீங்களே தட்டிவிடாதீர்கள். சார்ட் அதையும் ஒரு மாதமாக எண்ணி, பனைமர உயரத்துக்கு ஒரு பார் எழுப்பிவிடும். Table Design-இல் Total Row-வை டிக் செய்தால், அந்த மொத்தம் சார்ட்டில் ஏறாது. அதன்பின் புது மாதம் சேர்க்க, கடைசி மாதத்தின் கடைசி செல்லில் நின்று Tab தட்டுங்கள்.

மொத்தத்தையும் மாதமாக்கி, ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் விற்பனை காட்டினால், முதலாளி மகிழ்வாரோ இல்லையோ, வருமான வரிக்காரர் மகிழ்வார்!