கேள்வி-பதில்: சட்னி ஜாரும் சிவப்புப் பட்டனும்

கேள்வி: ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே படமும் வரைகிறேன். சிறுவர் கதை ஒன்றுக்கு, அம்மா சட்னி அரைக்கிற அடுப்படிக் காட்சி வரைந்து அனுப்பினேன். “மிக்ஸி நம்ம வீட்டு மிக்ஸி மாதிரி இல்லையே” என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். படத்தை இணைத்திருக்கிறேன். என்ன தப்பு?
- ஒரகடம் வாசகர்

பதில்: அம்மாவின் முகம் அருமை, முந்தானையை இடுப்பில் செருகியிருக்கும் விதம் அதைவிட அருமை. மிக்ஸிதான் வெளியூர்க்காரர்! உயரமான கண்ணாடி ஜார், கீழே ஒல்லியான உடம்பு, முன்னால் வரிசையாக ஆறு பட்டன்கள். நீங்கள் வரைந்திருப்பது ஜூஸ் அடிக்கிற வெளிநாட்டு பிளெண்டர்.

நம் மிக்ஸி பிறந்த காரணமே வேறு. மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸர், நம் ஊர் அரவையைத் தாங்காமல் மோட்டார் எரிந்துபோனது. அவரே தாங்கக்கூடிய ஒன்றைச் செய்யப் புறப்பட்டு, 1963இல் கம்பெனி தொடங்கினார். அப்படி வந்ததுதான் ‘சுமீத்’. காய்ந்த மிளகாயும் மஞ்சளும் அரைபட வேண்டுமென்றால் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும்; பெரிய மோட்டாரை வைக்க உடம்பு அகலமாக வேண்டும்; ஜார் எவர்சில்வரில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் படத்தில் தெரிந்தால் மிக்ஸி ஊர் வந்து சேர்ந்துவிடும்.

இனி அளவு. உங்கள் படத்தில் மிக்ஸி, பக்கத்தில் நிற்கும் கேஸ் சிலிண்டர் உயரத்துக்கு இருக்கிறது. சிலிண்டரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 62 செ.மீ. உயரம். என் வீட்டு மிக்ஸியை டேப் வைத்து அளந்தேன்: உடம்பு 20 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலம். பெரிய ஜாரை மூடியோடு வைத்தால் மொத்தம் 42 வருகிறது. சட்னி ஜாரை வைத்தால் 32தான். அதாவது சட்னி அரைக்கும் மிக்ஸி, சிலிண்டரில் பாதி.

நீங்கள் வரைவது பத்தில் ஒரு பங்கு அளவில் என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து சமையல் மேடை 8 செ.மீ., அம்மா 15.5 செ.மீ., மேடைமேல் மிக்ஸி 3.2 செ.மீ. இப்போது மூடி அம்மாவின் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரும். உள்ளங்கை மூடியை அழுத்த, முழங்கை தானாக மடங்கிவிடும். அளவு சரியாக இருந்தால் நிற்கிற தோரணையும் சரியாக வந்துவிடும். இன்னொன்று: ஜாருக்குள் பச்சையாகச் சட்னி தெரிகிறது. எவர்சில்வர் ஜாருக்குள் எதுவும் தெரியாது. மேலே இருக்கும் கண்ணாடி மாதிரி மூடியின் உட்பக்கத்தில் நாலு பச்சைத் துளி தெறித்திருக்கட்டும், போதும்.

கேள்வி: முன்னால் இருக்கிற திருகும் சுவிட்சில் எண்களை எப்படி எழுதுவது? 1, 2, 3, 4 என்று சுற்றிலும் எழுதிவிட்டேன்.
- சுங்குவார்சத்திரம் வாசகி

பதில்: அது மின்விசிறி ரெகுலேட்டர். மிக்ஸிக்கு வேறு கணக்கு. பெரும்பாலான மிக்ஸிகளில் உச்சியில் 0. வலப்பக்கமாகத் திருப்பினால் 1, 2, 3. இடப்பக்கம் திருப்பினால் ஒரே ஒரு இடம்; சிலவற்றில் P என்றும் சிலவற்றில் வேறு குறியோடும் இருக்கும். ‘விப்பர்’ என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் படம் வரைபவருக்கு முக்கியம். வலப்பக்கம் 1இல் விட்டால் சுவிட்ச் அங்கேயே நிற்கும். இடப்பக்கம் நிற்காது, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, கையை எடுத்த நொடியில் 0க்குத் திரும்பிவிடும். ஆகவே சுவிட்ச் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அதன்மேல் ஒரு கை இருந்தே தீர வேண்டும். கை இல்லாமல் வரைந்தால், சமைக்கத் தெரிந்த எவரும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். தேங்காய்ச் சில்லை முதலில் உடைக்க இடப்பக்கம் இரண்டு மூன்று தடவை விட்டு விட்டுத் திருப்புவார்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு 1இல் தொடங்குவார்கள். சட்னி ஜாரில் தண்ணீரோடு எடுத்ததும் 3இல் வைத்தால் மூடி இடுக்கு வழியாகச் சுவரெல்லாம் சட்னிதான்.

சுவிட்ச் சுமார் 4 செ.மீ. விட்டம். மேலே சொன்ன பத்தில் ஒரு பங்குப் படத்தில் அது 4 மில்லிமீட்டர். அதில் எண் எழுதப் பார்க்காதீர்கள், எறும்பு ஊர்ந்ததுபோல ஆகிவிடும். ஒரு வட்டம், அதில் ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே நோக்குகிறது என்பதுதான் சேதி. எண்கள் வேண்டுமென்றால் சுவிட்சையும் விரல்களையும் மட்டும் பெரிதாக்கித் தனிக் கட்டத்தில் போடுங்கள். பல மிக்ஸிகளில் எண்கள் உடம்பில்தான் அச்சாகியிருக்கும், குமிழில் இருக்காது. திருகும்போது கோடுதான் நகரும், எண் நகராது.

கேள்வி: நான் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மிக்ஸியில் சிவப்புப் பட்டன் ஒன்று உண்டு. பல படங்களில் அதைக் காணோமே?
- ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

பதில்: படம் வரைந்தவர்கள்மேல் தப்பில்லை. அந்தப் பட்டன் பெரும்பாலும் மிக்ஸியின் அடிவயிற்றில் இருக்கிறது. மேடைமேல் நேராக நிற்கும் மிக்ஸியில் அது தெரியவே கூடாது. முன்பக்கம் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், சில மாடல்களில் இருக்கும் விளக்காக இருக்கலாம்.

அடியில் இருப்பது ஓவர்லோடு சுவிட்ச். ஜாரில் அளவுக்கு மேல் திணித்தாலோ, மாவு கெட்டியாகி பிளேடு சிக்கினாலோ மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். சுருள் கருகுவதற்கு முன்பே இந்தச் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே துருத்திக்கொள்ளும். மிக்ஸி செத்துவிட்டது என்று பலர் அப்போதே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவசியமில்லை. திருகை 0க்குக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துவிடுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, கவிழ்த்துப் பட்டனை உள்ளே அழுத்துங்கள். ஜாரில் பாதியைக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். அழுத்த அழுத்த மறுபடி துருத்தினாலோ, கருகிய வாடை வந்தாலோ மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். உங்கள் தொழிற்சாலை விடுதிச் சமையலறையில் ஒட்ட இந்தக் காட்சியை ஒரு படமாக வரையச் சொல்லுங்கள்: கவிழ்ந்த மிக்ஸி, நான்கு ரப்பர் கால்கள், சிவப்புப் பொட்டு, பக்கத்தில் பிடுங்கிய பிளக். அந்தப் பிளக் கட்டாயம் தெரிய வேண்டும்.

கேள்வி: என் கதை 2012இல் மாத்தூர் பக்கம் ஒரு வீட்டில் நடக்கிறது. அப்பா புதிதாக கார் கம்பெனி வேலைக்குப் போகிறார். அந்த வீட்டில் மிக்ஸி வைக்கலாமா?
- படப்பை வாசகி

பதில்: தாராளமாக. தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கியது. ரேஷன் அட்டையுள்ள வீடுகளுக்கு மூன்றும் சேர்ந்தே வந்தன. ஆகவே மிக்ஸியை மட்டும் தனியாக வைக்காதீர்கள்; டேபிள் டாப் கிரைண்டரும் மேசை மின்விசிறியும் அதே அறையில் எங்காவது இருக்கட்டும். புழக்கடையில் அம்மியும் கிடக்கட்டும், அது எங்கும் போய்விடவில்லை.

ஒரகடம் வாசகரே, படத்தைத் திருத்தி இந்த வாரமே ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். சட்னி ஜாரோடு மிக்ஸி 3.2 செ.மீ., மறக்க வேண்டாம்.