விளக்கெண்ணெயும் பச்சை ஜூஸும்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. எழுபதுகளில் அங்கே வீட்டில் நாங்கள் சாப்பிட்டது முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு. காலையில் கம்பங்கூழ், மத்தியானம் சோளச்சோறு அல்லது குதிரைவாலிச் சோறு, ராத்திரிக்கு மிஞ்சியது எதுவோ அது. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கோதுமையைப் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் பார்த்தோம். அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவையில் உப்புமா கிண்டி மதியம் தட்டில் போடுவார்கள். அந்த உப்புமா எங்களுக்குப் பட்டணத்துச் சாப்பாடு. காலையில் கூழ் குடித்துவிட்டு வந்ததைப் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லக்கூட வெட்கப்படுவோம்.

இப்போது என் அண்ணன் மகள் வீட்டுச் சமையலறையில் அதே கம்பு, ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சடித்த பாக்கெட்டில் இருக்கிறது. ஊர்ச் சந்தையில் விற்பதைப் போலப் பல மடங்கு விலை. கம்பில் குளூட்டன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, அரிசி எதிலும் கிடையாது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களின் குடும்பத்துப் புரதம் அது. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது இழுபடுகிறதே, பரோட்டா மாஸ்டர் வீசி வீசி மெல்லிசாக்க முடிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன்தான்.

அவள் சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறாள். அரை மாரத்தான் ஓடுகிறாள். நோய் நொடி எதுவும் கிடையாது. டென்னிஸ் வீரர் ஜோகோவிச் குளூட்டனை விட்டபின் உச்சிக்குப் போனதைப் பற்றி 2013இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கதை ஓட்டக்காரர்கள் கூடும் இடமெல்லாம் சுற்றுகிறது. அதைக் கேட்டுத்தான் இவளும் கோதுமையை நிறுத்தினாள். “உடம்பு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா அத்தை! வயிறு உப்புசமே இல்ல,” என்றாள்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக நான் நெடுநாள் வேலை பார்த்தவள். குளூட்டன் உண்மையிலேயே ஆகாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது சீலியாக் என்ற நோய். குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கி, சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்களைத் தேய்த்துவிடும். பிள்ளை சாப்பிடும், ஆனால் வளராது. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்தாலும் ரத்தசோகை தீராது. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கோதுமையை விடுங்கள் என்று சொல்வதோடு என் வேலை முடியாது. அரிசி மாவு அரைக்க எந்த மில்லுக்குப் போகிறார்கள், அவர்களுக்கு முன்னால் அந்த மெஷினில் கோதுமை அரைத்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். கல்லில் ஒட்டியிருக்கும் மாவே அந்தப் பிள்ளைக்குப் போதும்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் அந்த நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் தேறின. ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு உயிர் காக்கும் மருந்தாக வந்த உணவுமுறைதான் இன்று ஆரோக்கியமானவர்களுக்கு உடற்பயிற்சித் துணையாக விற்கப்படுகிறது.

நம் பக்கம் இந்த நோய் மிகவும் அரிது. இந்தியாவில் மூன்று பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வடக்கே பரிசோதித்தவர்களில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சீலியாக் இருந்தது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுதான். வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. இட்லியும் சோறும் சாப்பிடுகிறவர்கள் நாள் முழுக்க ஏறக்குறையக் குளூட்டன் இல்லாமல்தானே இருக்கிறோம்? விடுவதற்கு நம்மிடம் இருப்பதே கொஞ்சம்தான்.

ஓட்டத்துக்காவது உதவுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சீலியாக் இல்லாத 13 சைக்கிள் பந்தய வீரர்களை ஒரு வாரம் குளூட்டனோடும் ஒரு வாரம் இல்லாமலும் சாப்பிட வைத்தார்கள். எந்த வாரம் எது என்று வீரர்களுக்குச் சொல்லவில்லை. வேகத்திலும் வித்தியாசமில்லை, வயிற்றிலும் வித்தியாசமில்லை. இது 2015இல் வெளிவந்தது.

அப்படியானால் இவளுக்கு வயிறு லேசானது எப்படி? அவள் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒரு வாரச் சாப்பாட்டை எழுதச் சொன்னேன். முன்பு ராத்திரி மூன்று சப்பாத்தி, சாயங்காலம் ஆபீஸில் பப்ஸ், டீயோடு பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா சால்னா. கோதுமையை விட்டதும் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. வனஸ்பதியும் சர்க்கரையும் ராத்திரி நேரத்து எண்ணெயும் போனதில் கிடைத்த சுகம் முழுவதும் குளூட்டன் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

அவள் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவும் சேர்ப்பது வழக்கம். அந்த டப்பாவிலும் பொடி எழுத்தில் அது இருந்தது. தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அது விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீலியாக் உள்ள பிள்ளை என்றால் அந்த டப்பாவை முதல் நாளே மாற்றியிருப்பேன்.

பப்ஸ், பிஸ்கட், பரோட்டா வேண்டாம், சப்பாத்தியை மட்டும் திரும்பச் சேர்த்து இரண்டு வாரம் பார் என்றேன். பார்த்தாள். உடம்பு லேசாகவே இருந்தது. வெங்காயமும் பூண்டும் கூடிய நாட்களில் மட்டும் வயிறு கொஞ்சம் உப்பியது. அதற்கும் விளக்கம் உண்டு. கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாகிறது. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் சீலியாக் இல்லாதவர்களிடம் நார்வேயில் நடத்திய சோதனையில், குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான் அதிக உப்புசம் தந்தது.

இழப்பும் உண்டு. மூன்று சப்பாத்திக்கான 90 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 10 கிராம், புரதம் 9 கிராம். அதற்குப் பதில் அவள் வாங்கியது குளூட்டன் இல்லாத ரொட்டி. மரவள்ளி மாவு, சோள ஸ்டார்ச், வெள்ளை அரிசி மாவு, சர்க்கரை, பாமாயில், ஒட்டுவதற்கு ஒரு கோந்து. நாரும் சொற்பம், புரதமும் சொற்பம். கம்பங்கூழுக்கோ சாமைச் சோற்றுக்கோ மாறியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

அண்ணன் மகள் கோதுமையை விட்டதோடு நிற்கவில்லை, டீடாக்ஸும் செய்தாள். அந்தக் கதை இன்னும் பழையது. எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, லீவு நாள் பார்த்து, பேதிக்குக் கொடுப்பார்கள். விடிகாலையில் அம்மா சூடான காப்பியில் விளக்கெண்ணெயை ஊற்றி ஆற்றி, மூக்கைப் பிடித்துப் புகட்டுவாள். விளக்கெண்ணெய் குடலில் உடைந்து ரிசினோலியிக் அமிலமாகி, குடலைச் சுருங்கச் சுருங்க வைக்கும். மத்தியானத்துக்குள் வயிறு காலி. நிற்காவிட்டால் மோர். பிறகு குழைந்த சோறு, மிளகு ரசம், பருப்புத் துவையல். அதில் குற்றமும் இருந்தது. சத்தில்லாத பிள்ளைகள் நீர் வற்றித் துவண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதை வெளியேற்றுகிறோம் என்று அம்மாவால் சொல்ல முடிந்தது. பூச்சி. வெறுங்காலோடு காட்டில் திரிந்து, மண் கையோடு தின்ற எங்கள் வயிற்றில் அது இருந்தது நிஜம். இன்று அந்த வேலையை ஓர் அல்பெண்டசோல் மாத்திரை செய்கிறது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் கொடுக்கிறார்கள்.

அண்ணன் மகள் மூன்று நாள் ஜூஸ் டீடாக்ஸ் செய்தபோது, “எந்த நஞ்சும்மா வெளியே போகுது?” என்று கேட்டேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் நஞ்சின் பெயர் இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டும் சிறுநீரகமும், மருந்தையும் மதுவையும் உடைக்கும் ஈரலும் அவளுக்கு நன்றாகவே இருக்கின்றன. கீரையும் வெள்ளரியும் ஆப்பிளும் அடித்த ஜூஸ் அவற்றின் வேலையில் என்ன கூட்டும்?

“ஆனா ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே அத்தை!” என்றாள். குறைந்தது உண்மை. நம் தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடினால் அதில் பெரும்பகுதி தீர்ந்து, தண்ணீரும் கூடவே போய்விடும். கூட்டினால் இரண்டு கிலோ பக்கம் வருகிறது. கொழுப்பின் பங்கு அதில் சொற்பம். இரண்டு நாள் சோறு சாப்பிட்டதும் முள் பழைய இடத்துக்கு வந்தது. அந்த மூன்று நாளும் இருந்த தலைவலியை நஞ்சு வெளியேறும் அடையாளம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தினம் மூன்று வேளை ஃபில்டர் காப்பி குடிக்கிறவள் திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? எனக்குக் கவலை வேறு. வெறும் ஜூஸில் புரதம் மிகக் குறைவு. அதோடு அவள் சென்னை வெயிலில் ஓடினாள். பசலைக் கீரையைப் பச்சையாக அடித்து நாள் தவறாமல் குடித்தால் ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். கேரளத்தில் இரும்பன்புளிச் சாற்றை மிகுதியாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்திருக்கிறார்கள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கடைந்தால் ஆக்சலேட்டில் நல்ல பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

அவளோடு ஓடும் இளைஞர் ஒருவர், அவள் சொல்லிக் கோதுமையை விட்டவர். அவருக்கு நெடுநாள் ரத்தசோகை, அடிக்கடி பேதி. இவரை நினைத்துத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். சீலியாக்கைக் கண்டுபிடிக்க டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. அதன்பின் எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியான பதில் தரும். விட்டு மாதங்களாகிவிட்டால் குடல் ஆறத் தொடங்கி, நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடும். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம். இந்த வரிசையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது மருத்துவர் அவரைத் தினம் இரண்டு சப்பாத்தி வீதம் ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு வருகிறார்.