கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை

1956-இல் ஜே ஃபாரஸ்டர் கணினி வேலையை ஏறக்கட்டிவிட்டு, எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளியில் போய் உட்கார்ந்தார். கணினிக்குக் காந்த நினைவகம் செய்து கொடுத்த கை. இனி என்ன செய்வது என்று அதற்கே தெரியவில்லை. அப்போதுதான் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஒப்பாரியைக் கொண்டுவந்தார்கள்.

கெண்டக்கியில் அவர்களுக்கு வீட்டு உபயோகச் சாமான்கள் செய்யும் ஆலைகள் இருந்தன. சில காலம் மூன்று, நான்கு ஷிப்ட் என்று ஓடும். (நாளுக்கு 24 மணி நேரம்தானே என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.) சில வருடங்கள் கழித்துப் பார்த்தால் பாதித் தொழிலாளிகள் வீட்டில் இருப்பார்கள். காரணம் கேட்டால் வணிகச் சுழற்சி என்பார்கள், நம்மூரில் சனிப்பெயர்ச்சி என்பதைப் போல. ஆனால் சொன்னவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை.

ஃபாரஸ்டர் ராட்சதக் கணினியைத் தேடி ஓடவில்லை. ஒரு நோட்டுத்தாள், ஒரு பென்சில். சரக்கு, ஆள், ஆர்டர் என்று மேலே தலைப்புப் போட்டு, வாரம் வாரமாகக் கணக்கு எழுதிப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஆடாமல் நின்றால்கூட, உள்ளே இருப்பவர்கள் முடிவெடுக்கும் விதமே ஆலையை ஆட்டிவைக்கும் என்று தெரிந்தது. குற்றவாளியைப் பிடித்துத் தரச்சொல்லி வந்தவர்களின் கையிலேயே விலங்கு விழுந்தது.

இதை நாமும் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை. ஊர்க் கடையில் வாரம் 100 ஃபிரிட்ஜ் விற்கிறது. கடைக்காரர் இரண்டு வாரச் சரக்கு, அதாவது 200, கையிருப்பில் வைப்பது வழக்கம். ஒரு வாரம் 110 விற்றுவிடுகிறது. விற்ற 110-ஐ ஈடுகட்ட வேண்டும், கையிருப்பும் இனி 220 ஆக வேண்டும்; ஆக 130-க்கு ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரிக்குத் தெரிவது இந்த 130 மட்டும்தான். அவருக்கும் அதே இரண்டு வார வழக்கம். அனுப்பிய 130, கையிருப்பை 260 ஆக்க இன்னொரு 60, மொத்தம் 190 என்று ஆலைக்கு எழுதுகிறார். கடையில் 10 சதவீதம் கூடியதற்கு ஆலையில் 90 சதவீதம்!

அடுத்த வாரமும் கடையில் 110 விற்கிறது. கையிருப்பு சரியாக இருப்பதால் கடைக்காரர் 110 மட்டும் கேட்கிறார். மொத்த வியாபாரிக்கு இப்போது 220 போதும், இருப்பதோ 260. அந்த 40-ஐக் கழித்துக்கொண்டு ஆலைக்கு 70 என்று எழுதுகிறார். விற்பனை ஒரு ஃபிரிட்ஜ்கூடக் குறையவில்லை. ஆலை மேனேஜரோ ஆட்குறைப்புப் பட்டியல் எழுதுகிறார்.

ஆலைக்கு எஃகுத் தகடு அழுத்தும் பிரஸ் விற்பவர் பாடு இன்னும் மோசம். யாரும் ஆசைக்காகப் பிரஸ் வாங்குவதில்லை. யாரோ ஒருவருக்கு ஃபிரிட்ஜ் மேல் வந்த ஆசையில்தான் இவர் பிழைப்பு. பொருளியலார் இதைப் பெறப்பட்ட தேவை என்பார்கள். இரவல் தேவை என்றிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். ஆலையில் 100 பிரஸ், ஒவ்வொன்றுக்கும் பத்து வருட ஆயுள் என்றால் வருடம் பத்து மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் விற்பனை 10 சதவீதம் நிரந்தரமாகக் கூடினால், மாற்றப் பத்து, சேர்க்கப் பத்து, மொத்தம் இருபது. இரட்டிப்பு! பிரஸ்காரர் இனிப்பு வழங்குவார். மறுவருடம் விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆர்டர் திரும்பப் பத்து. விழுவது வேண்டாம், ஏறுவது நின்றாலே பாதி வியாபாரம் போச்சு. விற்பனை பத்து சதவீதம் இறங்கிவிட்டால் பழசை மாற்றவே தேவையில்லை, ஆர்டர் பூஜ்யம். ஆலையில் சும்மா கிடக்கும் பிரஸ் இருந்தால் மட்டும் கதை மாறும்: விற்பனை ஏறினாலும் அவை தீரும்வரை பிரஸ்காரருக்குத் தந்திகூட வராது, பிறகு எல்லாம் ஒரே நாளில் வரும். 1917-இலேயே ஜான் மாரிஸ் கிளார்க் ரயில் சரக்குப் பெட்டிகளை வைத்து இதை எழுதிவிட்டார். பெட்டி ஆர்டர் சரக்குப் போக்குவரத்தின் அளவைப் பின்பற்றுவதில்லை, அது ஏறும் வேகத்தைப் பின்பற்றுகிறது என்றார்.

கடையிலிருந்து ஆலைவரை ஆர்டர் பெருகும் கதையை எம்.ஐ.டி. விளையாட்டாகவே ஆக்கிவிட்டது. பெயர் பீர் விளையாட்டு, பீர் கிடையாது. சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை என்று நால்வர் உட்கார வேண்டும், பேசக் கூடாது, அனுப்பிய சரக்கு வந்துசேர வாரங்கள் ஆகும். தாமதம் தாங்காமல் பயந்து இரட்டிப்பாகக் கேட்பார்கள். கேட்டதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கும்போது தலையில் கை வைப்பார்கள். முடிந்ததும், வாடிக்கையாளர் எப்படி வாங்கினார் என்று வரையச் சொன்னால் ஆலைக்காரர் மலையும் பள்ளமுமாக இமயத்தையே வரைந்து காட்டுவார். வாடிக்கையாளர் முதலில் வாரம் நாலு பெட்டி கேட்டார், பிறகு எட்டு, கடைசிவரை எட்டேதான்.