கூட ஒரு லட்சம்: கார் வாங்கும் குடும்பத்தின் மேல் சுற்றத்தார் தரும் அழுத்தம் பற்றி ஓர் ஆய்வு

சுற்றத்தார் அழுத்தம் என்பது, கார் வாங்கப்போகும் செய்தி வீட்டு வாசலைத் தாண்டிய நேரம் முதல் வண்டிக்கு நம்பர் பிளேட் மாட்டும் வரை, அதற்கு ஒரு ரூபாயும் தராதவர்கள் அதன் விலையை உயர்த்த எடுக்கும் முயற்சி. இதன் வேகம் உறவின் நெருக்கத்தைப் பொறுத்ததன்று. பேசுபவரின் சொந்தக் கடனைப் பொறுத்தது. ஏழாண்டுத் தவணையில் பெரிய வண்டி எடுத்து மூன்றாம் ஆண்டில் இருப்பவரே மிகத் தீவிரமாகப் பேசுவார். துணைக்கு ஆள் தேடுகிறார் என்பது ஒரு விளக்கம்.

அழுத்தம் ஒருபோதும் மொத்தத் தொகையாக வராது. "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, கூட ஒரு லட்சம் போட்டா அடுத்த வேரியண்ட்டே வந்துருமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் தொடங்குவார். அந்த வேரியண்ட்டுக்கு மனம் இசைந்த மறுநாள், "இந்தக் காசுக்குப் பெரிய வண்டியே எடுக்கலாமே மாப்ளே" என்று தாய்மாமன் வருவார். ஒவ்வொரு படியும் சிறியது. ஏறி முடித்தபின்தான் உயரம் தெரியும்.

மதுரையில் மாதம் 65,000 ரூபாய் கையில் வாங்கும் ஒரு குடும்பத்தைக் கணக்குக்காகக் கொள்ளலாம். சேமிப்பு 2.4 லட்சம். பார்த்துவைத்த வண்டியின் ஷோரூம் விலை 7 லட்சம். சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு ஏறத்தாழ 8.4 லட்சம். மீதி 6 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றால் தவணை சுமார் 12,600 ரூபாய். மூச்சு விடலாம்.

சுற்றத்தார் காட்டும் வண்டி 10.5 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சம்தான் என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் 2023 இறுதியில் திருத்தப்பட்ட வரி விகிதப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18 சதவீதம். கூடுதல் விகிதம் தாண்டிய ஐம்பதாயிரத்துக்கு மட்டுமன்று, முழு விலைக்கும். சாலை வரி மட்டுமே ஏறத்தாழ 91,000 ரூபாயிலிருந்து 1.89 லட்சமாகிறது. ஆன்ரோடு 13 லட்சத்தைத் தொடுகிறது, கடன் 10.6 லட்சம். ஐந்தாண்டில் கட்டினால் தவணை 22,000 ரூபாயைத் தாண்டும். இந்த இடத்தில்தான் கடன் தரும் தரப்பும் சுற்றத்தாரோடு சேர்ந்துகொள்கிறது: ஏழாண்டாக நீட்டினால் தவணை சுமார் 17,300. "மாசம் ஐயாயிரம்கூடக் கூடலையே!"

கூடவில்லைதான். முதல் வண்டிக்குத் தவணையாகக் கட்டுவது மொத்தம் 7.56 லட்சம், இரண்டாவதற்கு 14.5 லட்சத்துக்கும் மேல். ஷோரூமில் மூன்றரை லட்சமாக இருந்த வித்தியாசம், கடன் தீரும்போது ஏழு லட்சமாகிவிடுகிறது. சுற்றத்தார் எப்போதும் மாதக் கணக்கில் பேசுவதும், மொத்தக் கணக்கு எழுதிய தாளைக் கண்டால் காபி கேட்பதும் இதனால்தான்.

அவர்கள் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்றே: பாதுகாப்பு. அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். 2024-இல் வந்த புதிய டிசையர், அப்போது ஏழு லட்சத்துக்குள் தொடங்கிய விலையிலேயே, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆகவே நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே விசாரிக்கலாம். சன்ரூஃபின் வழியாகப் பார்க்கத் தேவையில்லை.

எதிர்ப்பு முறைகளில் விவாதம் மிகப் பலவீனமானது. பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி முளைக்கும். ஷோரூமுக்கு உறவினர் இல்லாமல் போவது அதைவிட மேல்; விற்பனையாளர் முன்னிலையில் மாமனுக்கு "வேண்டாம்" சொல்ல நம் வளர்ப்பு இடம் தராது. "புக் பண்ணியாச்சு" என்ற இரண்டு சொற்கள் அழுத்தத்தைப் பெருமளவு தணிக்கும். எஞ்சியது நிறத்தின் பக்கம் திரும்பும். அங்கே தாராளமாக விட்டுக்கொடுக்கலாம், வெள்ளைக்கும் சாம்பலுக்கும் தவணை ஒன்றே.

இவற்றுக்கு மசியாதவரிடம் கடைசி முறை உண்டு. "நீங்க சொல்றதும் சரிதான் மாமா. பெரிய வண்டியே எடுத்துடறேன். பேங்க்ல ஜாமீன் கையெழுத்து கேக்குறாங்க, நீங்க போட்டுருவீங்கள்ல?" இதற்குப் பின் பேச்சு மழை, மாடு, மருமகள் என்று வேறு திசைகளில் போகும். பக்க விளைவும் உண்டு: அடுத்த சில வாரங்கள் மாமா போன் எடுக்க மாட்டார்.

இம்முறைகள் அனைத்தும் வெளியாருக்கு மட்டுமே. கல்லூரியில் படிக்கும் மகன் அதே வேரியண்ட்டின் வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிட்டால், அவனிடம் ஜாமீன் கையெழுத்து கேட்க முடியாது. அவன் சந்தோஷமாகப் போட்டுவிடுவான். அவனுக்கான மருந்து, ஏழாண்டுத் தவணை அட்டவணையைக் கொடுத்து, அவன் படிப்புக் கட்டணம் அதில் எந்த மாதங்களில் மோதுகிறது என்று அவனையே குறிக்கச் சொல்வது.