வராத அண்ணன்

எங்கள் ஷிஃப்டில் அவரை எல்லாரும் வராத அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்கு ஒரு நாளும் மட்டம் போடாத மனிதர். அவர் போகாதது கல்யாணங்களுக்குத்தான். பத்து காவான் தொழிற்பேட்டையில் பல வருஷமாகப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு பார்க்கிறார். போகாத கல்யாணங்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன என்பது அவருடைய சொந்தக் கணக்கு. ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாற்பது வீட்டிலும் அவருக்கு இன்றைக்கும் நல்ல பேர். கல்யாணத்துக்குப் போய்த் தின்றுவிட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்ன எனக்கு அந்தப் பேர் கிடையாது.

அவருடைய திறமை வராமல் இருப்பதில் இல்லை, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வரவில்லை என்று எழுதுவதில் இருக்கிறது. கேன்டீனில் கடைசி மேசை அவருடைய அலுவலகம். பசியாறும் நேரத்தில் போனால், ஒரு கையில் ரொட்டி சானாய், மறு கையில் யாருடைய ஃபோனோ இருக்கும்.

"இதென்ன எழுதியிருக்க? மாப்பிள்ளைக்கு எழுதுறியா, மேனேஜருக்கு எழுதுறியா?"

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கஷ்டம் புரியாது. நாலு நாள் வேலை, ரெண்டு நாள் ஓய்வு, மறுபடி நாலு நாள் வேலை. ஆறு நாளில் ஒரு சுற்று முடிகிறது. வாரத்துக்கோ ஏழு நாள். அதனால் ஓய்வு நாள் சுற்றுக்கு ஒரு கிழமை பின்னால் நகர்ந்துகொண்டே போகும். உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஆறு ஞாயிற்றுக்கிழமையில் ரெண்டுதான் நமக்கு, மற்ற நாலும் கம்பெனிக்கு. நம் ஆட்களோ கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமையில்தான் வைப்பார்கள். ஆடியில் யாரும் வைப்பதில்லை, அதனால் ஆவணி பிறந்ததும் மொத்தமாகக் கொட்டும். ஆவணியில் இருப்பதே நாலைந்து ஞாயிறு. வராத அண்ணனுக்கு அது அறுவடைக் காலம்.

முன்பெல்லாம் தீவில் கல்யாணம் என்றால் 'அவ்வளவு தூரம் சுத்திக்கிட்டு எப்படி வர்றது' என்று ஒரு சாக்காவது இருந்தது. 2014 மார்ச் 1 அன்று ரெண்டாவது பாலத்தைத் திறந்தார்கள். 24 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 17 கடலுக்கு மேலே. பத்து காவானில் ஏறினால் பத்து மாவுங்கில் இறங்கிவிடலாம். "நாட்டுக்கு நல்லதுதான், எனக்குத்தான் தொழில் கஷ்டமாப் போச்சு" என்பார் அண்ணன்.

போன ஆவணியில் நானும் அவரிடம் போய் நின்றேன். என் பால்ய நண்பனுக்குக் கல்யாணம். அவன் வீடு நிபோங் திபாலில், பெண் வீடு ஜொகூரில், குளுவாங். கல்யாணம் பெண் ஊரில். ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். நான் அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் ராத்திரி ஏழுக்குத்தான் வெளியே வருவேன்.

நான் எழுதி வைத்திருந்தது இது:

"மச்சான், ரொம்ப ரொம்ப சாரிடா. ஷிஃப்டு மாத்த முடியல, அம்மாவுக்கும் உடம்பு சரியில்ல, காரும் கொஞ்சம் பிரச்சினை. முடிஞ்ச வரைக்கும் வரப் பார்க்கிறேன். வர முடியலன்னா தப்பா நினைக்காதே. மணமக்கள் பல்லாண்டு வாழ்க!"

அண்ணன் படித்தார். ரொட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நோயாளியின் நாடியைப் பிடிக்கும் முன் வைத்தியர் ஒரு தரம் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லு. ஷிஃப்டு மாத்தி யார்கிட்டயாவது கேட்டியா?"

கேட்டிருந்தேன். அடுத்த லைன் மலாய் நண்பருக்கு அதே ஞாயிறு சொந்தத்தில் கெண்டூரி. இன்னொருவர் ஏற்கெனவே வேறொருவனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகாத எனக்குச் சட்டப்படி வருஷத்துக்கு எட்டு நாள் லீவு. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்ததில் மூன்றும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஐந்தும் போய்விட்டன. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொன்னவனுக்கு அவர் எழுதிக் கொடுக்க மாட்டார். "கேக்காதவனுக்கு எழுதினா எழுத்துல தெரிஞ்சிரும்" என்பார். எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் தெரியத்தான் செய்கிறது.

பிறகு வெட்ட ஆரம்பித்தார். முதலில் காரைத் தூக்கினார், அடுத்து அம்மாவை.

"அம்மாவுக்கு நெஜமாவே உடம்பு சரியில்லண்ணே."

"இருக்கட்டும். ஒரு காரணம் சொன்னா காரணம். மூணு சொன்னா சாக்கு. நீ கார் ரிப்பேர்னு எழுதின உடனே அவன் ஷிஃப்டையும் நம்ப மாட்டான்."

அடுத்துக் கை வைத்தது 'வரப் பார்க்கிறேன்' மேல். இந்த ஒரு வார்த்தையைக் கண்டால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அது பணிவும் இல்லை, பாசமும் இல்லை, கல்யாண வீட்டுக்குச் செலவு என்பார். ராத்திரி விருந்துக்கு மேசைக்குப் பத்துப் பேர் என்று ஒரு வாரத்துக்கு முன்னாலேயே மண்டபத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 'பார்க்கிறேன்' என்றவனை அவர்கள் சேர்க்கவும் முடியாது, விடவும் முடியாது. பத்துப் பேர் 'பார்க்கிறேன்' என்றால் காசு கொடுத்த ஒரு மேசை காலியாகக் கிடக்கும், பெண்ணின் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வரவில்லை என்றால் வரவில்லை என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அதுவும் ஷிஃப்டு பட்டியல் ஒட்டிய மறுநாளே.

கடைசியில் 'பல்லாண்டு வாழ்க'. அதை அடிக்கும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தம். அவருடைய அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் தமிழ்நாட்டுச் சொந்தங்களின் கல்யாணத்துக்குத் தந்தி போகுமாம். அங்கே வாழ்த்துத் தந்திக்கு எண்ணே வைத்திருந்தார்கள். நீங்கள் எண்ணைச் சொன்னால் போதும், கல்யாண வீட்டில் முழு வாழ்த்தாக இறங்கும். முகம் தெரியாத மாமா ஒருவர் வந்த தந்திகளை மைக்கில் வரிசையாக வாசிப்பார். எல்லாம் ஒரே வாசகம், அனுப்பியவர் பெயர் மட்டும் மாறும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியையே மூடிவிட்டார்கள். "தந்திதான் போச்சு, நம்ம ஆளுங்க இன்னும் நம்பர்தான் அனுப்புறானுங்க. இப்போ அது பூங்கொத்துப் படமா வருது" என்றார்.

"சரி, அவனுக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லு."

யோசித்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பரீட்சை. நான் ரப்பரை வீட்டில் விட்டுவிட்டேன். ஆசிரியர் திரும்பிய நேரத்தில் அவன் தன் ரப்பரைப் பல்லால் கடித்து, பாதியைத் துப்பி, சட்டையில் துடைத்து என் பக்கம் உருட்டிவிட்டான். அந்தத் துண்டில் பல் தடம் இருந்தது.

"பத்தாது?" என்றார் அண்ணன். அவர் எழுதிய வடிவம் இது:

"மச்சான், உன் கல்யாணத்துக்கு நான் வரலடா. அந்த ஞாயிறு எனக்குக் காலை ஷிஃப்டு. ரெண்டு பேர்கிட்ட மாத்திக் கேட்டேன், கிடைக்கல. ஆறாம் வகுப்புப் பரீட்சையில நீ கடிச்சுக் குடுத்த பாதி ரப்பர்லதான் நான் பாஸானேன். நீ தாலி கட்டுறப்ப பக்கத்துல நிக்கணும்னு ஆசை, குடுத்து வைக்கல. அம்மா அப்பாகிட்ட நானே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். நீங்க நிபோங் திபால் வந்த பெறகு, அடுத்த வாரம் புதன் ராத்திரி எட்டு மணிக்கு, நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்ல சாப்பிடணும். கோழிக்கறி என் கையால."

மன்னிப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன். "மன்னிப்புக் கேட்டா அவன் 'பரவால்லடா'ன்னு சொல்லணும். கல்யாண வேலைக்கு நடுவுல அவனுக்கு அது ஒரு வேலை" என்றார். 'ஒரு நாளைக்குச் சாப்பிட வாங்க' என்று பொதுவாக எழுதுவதும் அவருக்குப் பிடிக்காது. கிழமை வேண்டும், மணி வேண்டும், எத்தனை பேர் என்பதும் வேண்டும்.

எழுதி முடித்ததோடு வேலை முடியவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்த குடும்பம், அதனால் பெற்றவர்களுக்கு ஃபோனில் சொல்லிய பிறகுதான் இது போக வேண்டும் என்றார். மொய்ப் பணத்தைச் செய்தியோடு சேர்த்து அனுப்பக் கூடாது. அப்படிச் செய்தால் வராததற்கு சம்மன் கட்டியது போல இருக்கும், கல்யாணத்துக்கு முதல் நாள் தனியாகப் போகட்டும் என்றார். ராத்திரி ஷிஃப்டில் இருக்கும்போது மூன்று மணி இடைவேளையில் உட்கார்ந்து அனுப்பவே கூடாதாம். எங்கள் ஆள் ஒருவன் அனுப்பினான். அந்த நேரத்தில் ஃபோன் முனகினால் கல்யாண வீட்டில் என்ன நினைப்பார்கள்? பெண்ணின் பாட்டி அழ ஆரம்பித்து, யார் செத்தது என்று தெரியாமலே ரெண்டு அத்தைகள் கூடச் சேர்ந்துகொண்டார்களாம்.

சொன்னபடி எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. அனுப்பும் நேரத்தில் ரப்பர் வரியைப் படித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில், அண்ணனைக் கேட்காமல், கடைசியில் சொந்தமாக ரெண்டு சொல் சேர்த்தேன்: "வீட்டோட வா."

புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினான், பெண் இறங்கினாள். அவன் அம்மா, அப்பா, அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், ஒரு சித்தி இறங்கினார்கள். கடைசியாக, பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு, பாட்டி. பதினோரு பேர். அடுப்பில் ஒரு கோழி.

கொல்லைப்புறம் போய் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"மெசேஜை எனக்கு அனுப்பு, பாப்போம்."

அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இந்தக் கடைசி வரி யாரு எழுதினது?"

"நான்தாண்ணே."

"சரி. சோத்தை இன்னொரு பானை வையி. பாட்டிக்குக் காரம் ஆகுமான்னு கேளு."

இருபது நிமிஷத்தில் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. வராத அண்ணன், கூடையில் ரெண்டு கோழியோடு.