பெயரா, கல்யாணப் பத்திரிகையா?

கேள்வி: ஆன்லைன் வகுப்பில் மகன் பெயரோடு பள்ளி, போன் நம்பர் எல்லாம் போடச் சொல்கிறார் என் கணவர். சரியா?
- ஓர் அம்மா, ஈரோடு

பதில்: அது கல்யாணப் பத்திரிகைக்குச் சரி! வகுப்புக்கு ‘07 கவின் 8B’ போதும். வருகைப் பதிவேட்டு எண் முன்னால் வரட்டும். சின்னக் கட்டத்தில் பெயரின் வால்தான் வெட்டுப்படும். இரண்டு கவின் இருந்தாலும் எண் பிரித்துக் காட்டிவிடும். வெறும் 7 வேண்டாம், அகரவரிசையில் 10 அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். போன் நம்பரோ, யாரோ எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் ஊர் சுற்றும். ஜூமில், டீச்சர் தடுக்காதவரை, ‘Rename’ அழுத்தி மாற்றலாம். கூகுள் மீட்டில் கணக்கின் பெயர்தான் வரும். அப்பா கணக்கில் நுழைந்தால் அட்டெண்டன்ஸ் அப்பாவுக்குத்தான்!